காதுக்கு எட்டும் அறிவிப்புப் படம்: மாற்றுரையும் கேமல் கேஸ் ஹேஷ்டேக்கும்

சமூக ஊடகங்களில் பகிரப்படும் சில படங்களின் மூலையில் `ALT` என்ற சிறு பட்டை தென்படுகிறது; படத்துக்கு ஈடாகப் படிக்கத்தக்க மாற்றுரை அதோடு சேர்க்கப்பட்டிருப்பதை அது காட்டுகிறது. சில அமைப்புகள் ஆங்கில எழுத்தில் ஹேஷ்டேக் இடும்போது, கேமல் கேஸ் என்ற முறையில், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இடுகின்றன. முதலாவது தேடுபொறிக்காகச் செய்யப்படுவது என்றும், இரண்டாவது வெறும் அழகுக்கானது என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டும் ஒரே தேவையிலிருந்து வந்தவை: திரையைக் கண்ணால் படிக்காமல் காதால் கேட்டோ விரலால் தொட்டோ படிப்பவர்களுக்கும் அந்தப் பதிவு முழுமையாகச் சென்று சேர வேண்டும்.

எல்லா வகைப் படங்களையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சி, பயிற்சி, கூட்டம் போன்றவற்றுக்காகத் தயாரிக்கப்படும் அறிவிப்புப் படத்தை மட்டுமே இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு காட்சியைக் காட்டும் ஒளிப்படத்துக்கு மாற்றுரை விடுபட்டால் கேட்பவர் இழப்பது அந்தக் காட்சியை. அறிவிப்புப் படத்துக்கு அது விடுபட்டால், நாள், இடம், நேரம் ஆகிய செய்தி முழுவதையுமே அவர் இழக்கிறார்.

## திரைவாசிப்பான் படத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது

திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்து, பொத்தான், இணைப்பு ஆகியவற்றைப் பேச்சாகவோ, பிரெய்ல் காட்டியில் தொட்டு உணரும் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள். விண்டோஸ் கணினிகளில் என்விடிஏ, ஜாஸ் ஆகியவையும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக்கும் இவ்வேலையைச் செய்கின்றன. இவை ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகள் சேர்ந்து இயங்குவதாகக் கொள்வது பின்னால் வரும் செய்திகளைப் புரிந்துகொள்ள உதவும். திரையில் எது எங்கே இருக்கிறது என்று கண்டறிவது ஒரு பகுதி. கண்டறிந்த எழுத்துகளைச் சொற்களாகப் பிரித்து ஒலிப்பது மற்றொரு பகுதி. இதைப் பேச்சொலிப்பான் என்று அழைக்கலாம். மாற்றுரை முதற்பகுதிக்கு வேண்டியது. ஹேஷ்டேக்கில் இடப்படும் பெரிய எழுத்துகள் இரண்டாம் பகுதிக்கு வேண்டியவை.

படம் என்பது இம்மென்பொருளுக்கு நிறப்புள்ளிகளின் தொகுப்பே. அதற்குள் நாளும் நேரமும் எவ்வளவு பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும் அவை எழுத்தாகக் கொள்ளப்படுவதில்லை. எனவே படத்தோடு சேர்த்து, அதற்கு ஈடாகப் படிக்கத்தக்க ஓர் உரையை நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவே மாற்றுரை. வலைப்பக்கத்தின் நிரலில் இது மூன்று நிலைகளில் அமையக்கூடும்:

```html
<img src="poster-final-3.jpg">
<img src="poster-final-3.jpg" alt="">
<img src="poster-final-3.jpg" alt="சிறுகதைப் பட்டறை, மார்ச் 14, 15">
```

முதல் வரியில் மாற்றுரையைத் தரும் `alt` என்ற பண்பே இல்லை. இந்நிலையில் திரைவாசிப்பான் படத்தைப் பேசாமல் கடந்துபோகலாம், “படம்” என்று மட்டும் சொல்லலாம், அல்லது படம் ஓர் இணைப்பாகவும் இருந்தால் கோப்பின் பெயரை உரக்கப் படிக்கலாம். இரண்டாம் வரியில் மாற்றுரை வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. “இது வெறும் அலங்காரம், கடந்து செல்க” என்பது அதன் பொருள். ஓரப் பூவேலை, பிரிப்புக் கோடு போன்றவற்றுக்கு அது சரியான முறையாகும். அறிவிப்புப் படத்துக்கு அதைச் செய்தால் நிகழ்ச்சி நடப்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும். மூன்றாம் வரி மட்டுமே செய்தியைச் சொல்கிறது. சமூகத் தளங்களில் நாம் நிரல் எழுதுவதில்லை. படத்தை ஏற்றும்போது கிடைக்கும் மாற்றுரைப் பெட்டியில் நாம் தட்டச்சு செய்வதே மேற்கோள் குறிகளுக்குள் சென்று அமர்கிறது.

இது புதிய விதி அன்று. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1999இல் வெளியான 4.01ஆம் பதிப்பிலேயே படங்களுக்கு இப்பண்பு கட்டாயமாக இருந்தது. அதே ஆண்டில் முதன்முறையாக வெளியிடப்பட்டு, 2023 அக்டோபரில் 2.2ஆம் பதிப்பை எட்டிய இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களில் 1.1.1 என்ற விதி இதைப் பற்றியதே. சமூகத் தளங்கள்தாம் தாமதமாக வந்தன. அன்று ட்விட்டர் எனப்பட்ட தளம் 2016இல் 420 எழுத்துகள் கொள்ளும் விளக்கப் பெட்டியை முதலில் அளித்தது. இன்று எக்ஸ் என்ற பெயரில் இயங்கும் அத்தளம் 1000 எழுத்துகள் வரையிலும், மாஸ்டடான் 1500 வரையிலும் இடம் தருகின்றன. மாற்றுரை 125 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு மேற்சொன்ன வழிகாட்டுதல்களில் ஆதாரம் எதுவும் இல்லை. சுருக்கம் நல்லதுதான். ஆனால் நிகழ்ச்சி நடக்கும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பெறும் சுருக்கத்தால் யாருக்கும் பயன் இல்லை.

## மாற்றுரை மட்டும் ஏன் போதாது

படத்துக்குள் எழுத்தைப் பதிப்பதையே தவிர்க்குமாறு அதே வழிகாட்டுதல்களின் 1.4.5ஆம் விதி கூறுகிறது. எழுத்தாகவே தரக்கூடியதைப் படமாகத் தர வேண்டாம் என்பதே அதன் சாரம். சின்னம் போலத் தோற்றமே இன்றியமையாததாக இருப்பவற்றுக்கு அது விலக்கு அளிக்கிறது. அறிவிப்புப் படமோ முழுக்க முழுக்க எழுத்தாலானது. இங்கேதான் நல்லெண்ணத்தோடு எழுதுபவர்களும் தவறும் இடம் இருக்கிறது: படத்தில் உள்ள நாற்பது வரிகளையும் மாற்றுரைப் பெட்டிக்குள் திணித்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

மாற்றுரை எந்த வடிவமைப்பும் இல்லாத வெற்றுரை. அதற்குள் தலைப்பு இல்லை, பட்டியல் இல்லை, சொடுக்கக்கூடிய இணைப்பும் இல்லை. தொலைபேசி எண்ணை அங்கே எழுதினால் கேட்பவர் அதை எளிதில் நகலெடுக்க முடியாது. நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டால், பல சூழல்களில், முழுவதையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திரைவாசிப்பானைப் பயன்படுத்தாமல், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பார்வைக் குறைபாடு உடையவர்கள் ஏராளமானோர். பதிவின் எழுத்து அவர்கள் கைபேசியில் வைத்திருக்கும் அளவுக்குப் பெரிதாகும், வரி மடங்கி ஓடும். படத்தில் உள்ள எழுத்தோ உருப்பெருக்கும்போது மங்கி, திரையின் ஓரத்துக்கு வெளியே போய்விடும். மாற்றுரை இவர்கள் கண்ணில் எளிதில் படுவதில்லை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்:

1. ஒருவர் நிகழ்ச்சிக்கு வருவதற்கு வேண்டிய விவரங்கள் அனைத்தும், அதாவது பெயர், நாள், நேரம், இடம், கட்டணம், பதிவு செய்யும் வழி ஆகியவை, பதிவின் உரையில் எழுத்தாகவே இருக்க வேண்டும்.
2. அதன்பின் மாற்றுரை சுருக்கமாக இருக்கலாம். அது இன்ன படம் என்று அடையாளம் காட்டி, முதன்மைச் செய்தியைச் சொல்லி, எஞ்சியவை உரையில் உள்ளன என்று குறிப்பிட்டு, படம் மட்டுமே தரும் செய்தி ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்தால் போதும்.

உரைக்கு எழுத்து வரம்பு கடுமையாக உள்ள தளத்தில் மட்டும் இம்முறை மாறும். எக்ஸ் தளத்தின் வழக்கமான 280 எழுத்துகளுக்குள் விவரம் அடங்காவிட்டால் முழு விவரமும் மாற்றுரையில் இருந்தே ஆக வேண்டும். அல்லது அதே பதிவின் கீழ் மறுமொழியாக முழு உரையையும் இட வேண்டும். இரண்டாவது வழியே மேல் என்பது என் கருத்து. அது எல்லோர் கண்ணிலும் படும்.

## ஒரு படம், மூன்று மாற்றுரைகள்

ஒரு நூலகம் சிறுகதை எழுதும் பயிற்சிப் பட்டறை நடத்துவதாகக் கொள்வோம். அதன் அறிவிப்புப் படத்தில் இருப்பவை இவை: நடுவில் பெரிய எழுத்தில் நிகழ்ச்சியின் பெயர், அதன் கீழ் “14/3, 15/3, 10-4” என்று நாளும் நேரமும், “மைய நூலகம், முதல் மாடி அரங்கு” என்ற இடக் குறிப்பு, வலது மேல்மூலையில் சிவப்புப் பட்டையில் “30 இடங்கள் மட்டும்”, வலது கீழ்மூலையில் பதிவுக்கான க்யூஆர் குறியீடு, இடது கீழே நடத்துபவர்களின் இரண்டு சின்னங்கள். பின்னணியில் வட்ட மேசை ஒன்றைச் சுற்றி அமர்ந்து ஒரு பள்ளிச் சிறுமியும், நடுவயதுக்காரர் ஒருவரும், நரைத்த தலையுடைய பாட்டி ஒருவரும் எழுதிக்கொண்டிருக்கும் ஓவியம் இருக்கிறது.

முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> நிகழ்ச்சி போஸ்டரின் படம்

“படம்” என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். மிஞ்சுவது “நிகழ்ச்சி போஸ்டர்” மட்டும். ஏதோ ஒன்று நடக்கிறது, அது உங்களுக்கு இல்லை என்ற அளவிலேயே இது நின்றுவிடுகிறது.

அடுத்த முயற்சி எதிர்த்திசையில் ஓடும்:

> இளநீல வண்ணப் பின்னணியில் வெள்ளை மேகங்கள் போன்ற வடிவங்கள் சிறுகதை எழுதும் பயிற்சிப் பட்டறை என்று தடித்த எழுத்தில் 14/3, 15/3 10-4 மைய நூலகம் முதல் மாடி அரங்கு சிவப்புப் பட்டையில் 30 இடங்கள் மட்டும் க்யூஆர் கோடு சின்னங்கள் எழுத்துப் பயிற்சி கதைப் பயிற்சி இலவசப் பயிற்சி

இதில் மூன்று பிழைகள் உள்ளன. முதலாவது, நிறமும் எழுத்தின் தடிப்பும் செய்திக்கு முன்னால் வந்து நிற்கின்றன. இரண்டாவது, நிறுத்தக் குறிகள் இல்லை. அச்சிட்ட படத்தில் ஒரு வரி முடிந்து மறுவரி தொடங்குவதே நிறுத்தக் குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. அவ்வரிகளை அப்படியே ஒட்டி எழுதினால் பேச்சொலிப்பான் மூச்சுவிடாமல் படித்துச் செல்லும். “10-4 மைய நூலகம்” என்பது ஏதோ கதவிலக்கம் போல ஒலிக்கும். மாற்றுரையில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் முற்றுப்புள்ளி வேண்டும் என்பது இதனால்தான். மூன்றாவது, தேடலுக்காக இறுதியில் சொற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கேட்டே தீர வேண்டியவர் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ஒருவரே.

மூன்றாவதாக எழுதக்கூடியது இது:

> சிறுகதைப் பட்டறை அறிவிப்பு. மார்ச் 14, 15, மைய நூலகத்தின் முதல் மாடி அரங்கு. நேரமும் பதிவு இணைப்பும் பதிவின் உரையில் உள்ளன. பின்னணி ஓவியத்தில் ஒரு பள்ளிச் சிறுமி, நடுவயதுக்காரர், ஒரு பாட்டி ஆகிய மூவரும் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

இங்கே ஓவியத்துக்கு ஏன் இடம் தரப்பட்டது என்ற கேள்வி எழலாம். நீல நிறத்தை விட்டுவிட்டு மேசையைச் சுற்றி இருப்பவர்களைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எந்த வயதினரும் வரலாம் என்பதை அந்தப் படத்தில் எந்த எழுத்தும் சொல்லவில்லை. ஓவியம் மட்டுமே சொல்கிறது. அந்த ஒரு செய்தியைச் சுமப்பதாலேயே அது மாற்றுரையில் இடம்பெறுகிறது. அங்கே வெறும் பேனாவும் காகிதமும் வரையப்பட்டிருந்தால் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

இப்படி எழுதிப் பார்ப்பதால் வேறொன்றும் வெளிப்படுகிறது. வயது வரம்பு இல்லை என்பது முக்கியமான விவரம் என்றால் அது ஓவியத்தை நம்பியிருக்கக் கூடாது, பதிவின் உரையிலேயே இருக்க வேண்டும். மாற்றுரை எழுத உட்காரும்போது நிகழ்ச்சியின் அறிவிப்பிலேயே உள்ள ஓட்டைகள் தெரியவருவது வழக்கம். கட்டணம் உண்டா இல்லையா என்பது இந்தப் படத்தில் எங்குமே சொல்லப்படவில்லை என்பதும், “10-4” என்பது காலை முதல் மாலை வரையா என்பது ஊகத்துக்கு விடப்பட்டிருப்பதும் அவ்வாறே தெரியவருகின்றன. திருத்தப்பட்ட பதிவின் உரை பின்வருமாறு அமையும்:

> சிறுகதை எழுதும் பயிற்சிப் பட்டறை, இரண்டு நாள்.
> மார்ச் 14 சனிக்கிழமை, மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை.
> இடம்: மைய நூலகம், முதல் மாடி அரங்கு. லிஃப்ட் உண்டு.
> வயது வரம்பு இல்லை. கட்டணம் இல்லை. 30 இடங்கள் மட்டும்.
> பதிவு செய்யக் கடைசி நாள் மார்ச் 7. பதிவுக்கான இணைப்பு கீழே.

க்யூஆர் குறியீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “க்யூஆர் குறியீடு உள்ளது” என்று மாற்றுரையில் எழுதுவது பூட்டிய கதவைக் காட்டி அதோ வாசல் என்பதற்கு ஒப்பாகும். அது கொண்டுசெல்லும் முகவரியே வேண்டும். அம்முகவரி மாற்றுரையில் இருந்தால் சொடுக்க முடியாது என்பதால் அதன் இடம் பதிவின் உரைதான். பார்வையுள்ளவர்களுக்கும் இது நன்மையே: கைபேசியில் படத்தைப் பார்ப்பவர் தன் கைபேசியின் திரையைத் தன் கைபேசியாலேயே நேராகப் படம்பிடிக்க இயலாது.

## தமிழ் மாற்றுரைக்கே உரிய இடர்கள்

முதல் இடர் எழுத்துருவிலிருந்து வருகிறது. தமிழ் அறிவிப்புப் படங்களை வடிவமைப்பவர்களில் பலர் இன்னும் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றில் திரையில் தெரிவது தமிழாக இருந்தாலும் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. வடிவமைப்புக் கோப்பிலிருந்து உரையை நகலெடுத்து மாற்றுரைப் பெட்டியில் ஒட்டினால் “தமிழ்” என்ற சொல் அங்கே இப்படி விழும்:

```
jkpo;
```

திரைவாசிப்பான் இதை ஆங்கில எழுத்துகளாகவே படிக்கும். மாற்றுரைப் பெட்டி திரையில் உடனே கண்ணில் படாத இடம் என்பதால் இப்பிழையைக் கவனிக்காமல் வெளியிட்டுவிடுவது எளிது. வடிவமைப்பாளரிடமிருந்து படத்தைப் பெறும்போதே அதன் உரையை யூனிகோடில் தனியாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது இடர் எண்ணிக்கையைப் பற்றியது. தளங்கள் எழுத்து என்று எண்ணுவது பெரும்பாலும் நாம் எழுத்து என்று எண்ணுவதை அன்று. “பயிற்சி” என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள்: ப, யி, ற், சி. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் தனித்தனி இடங்களைப் பெறுவதால் அச்சொல் ஏழு இடங்களைப் பிடிக்கிறது. 1000 என்று சொல்லப்படும் வரம்பு தமிழில் அதைவிட முன்னதாகவே நிரம்பிவிடும். நீளமான மாற்றுரையை ஒட்டியபின் கடைசி வரி முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது இதனால் தேவையாகிறது.

மூன்றாவது, மொழியைக் கலப்பது. வலைப்பக்கத்தில் ஒரு பகுதி எந்த மொழியில் உள்ளது என்பதை நிரலில் `lang="ta"` என்று குறிக்கலாம். மாற்றுரைக்குள் ஒரு சொல்லுக்கு மட்டும் அப்படிக் குறிக்க வழியில்லை. எழுத்து வடிவத்தைப் பார்த்தே குரலை மாற்றிக்கொள்ளும் திரைவாசிப்பான்கள் உண்டு; அவ்வாறு மாற்றாதவையும் உண்டு. தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவதுதான் நாம் செய்யக்கூடியது. `sirukathai pattarai` என்று ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழை ஆங்கிலக் குரல் ஆங்கிலச் சொல்லாக எண்ணி ஒலிக்கும்போது, தமிழ் அறிந்தவருக்கும் அது பிடிபடுவதில்லை.

## கேமல் கேஸ்: பெரிய எழுத்து என்ன செய்கிறது

ஹேஷ்டேக் என்பதை 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்மொழிந்தார். `#` குறிக்குப் பின் இடைவெளி விட்டால் அங்கேயே ஹேஷ்டேக் முடிந்துவிடும் என்பதால் சொற்களை ஒட்டியே எழுத வேண்டியதாயிற்று. ஒட்டி எழுதிய சொற்களில் எங்கே பிரிப்பது என்ற சிக்கல் அத்துடன் வந்தது.

2013 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது `#nowthatchersdead` என்ற ஹேஷ்டேக் பரவியது. “இப்போது தாட்சர் இறந்துவிட்டார்” என்பது அதன் பொருள். அதை “இப்போது ஷெர் இறந்துவிட்ட நிலையில்” என்று பிரித்துப் படித்த பலர், உயிரோடு இருந்த பாடகி ஷெர் இறந்துவிட்டதாக எண்ணி வருந்தினார்கள். அதே எழுத்துகளை `#NowThatchersDead` என்று எழுதியிருந்தால் இம்மயக்கத்துக்கு இடமே இல்லை. இதில் ஏமாந்தவை பார்வையுள்ளவர்களின் கண்கள். எழுத்துகளை அடையாளம் காணச் சிரமப்படும் டிஸ்லெக்ஸியா உடையவர்களுக்கும், ஆங்கிலத்தில் அதிகம் பழகாதவர்களுக்கும் இத்தகைய தொடர் இன்னும் கடினம்.

பேச்சொலிப்பானின் நிலையும் இதுவே. அகராதியில் இல்லாத நீண்ட எழுத்துத் தொடர் ஒன்று வரும்போது, ஒலிப்பு விதிகளின்படி அதை ஒரே சொல்லாக உச்சரிக்க முயல்கிறது. `#shortstoryworkshop` என்பதில் மூன்று சொற்களும் ஒன்றோடொன்று குழைந்து, எங்கே அழுத்தம் விழும் என்று சொல்ல முடியாத ஒலியாக வரக்கூடும். சிறிய எழுத்துக்கு அடுத்துப் பெரிய எழுத்து வந்தால் அங்கே புதிய சொல் தொடங்குகிறது என்று பெரும்பாலான பேச்சொலிப்பான்கள் கொள்வதால் `#ShortStoryWorkshop` என்பதை மூன்று சொற்களாகவே படிக்கின்றன. நடுநடுவே எழும் பெரிய எழுத்துகள் ஒட்டகத்தின் திமில்களைப் போலத் தெரிவதால் இதற்குக் கேமல் கேஸ் என்று பெயர். முதல் எழுத்தும் பெரிதாக இருக்கும் வடிவத்தைப் பாஸ்கல் கேஸ் என்று நிரலாளர்கள் வேறுபடுத்துவார்கள்; ஹேஷ்டேக்கைப் பொறுத்தவரை அந்த வேறுபாட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

இதற்குத் தடையாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்றே: பெரிய எழுத்து இட்டால் வேறு ஹேஷ்டேக் ஆகிவிடாதா? ஆகாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தளங்கள் பொருட்படுத்துவதில்லை. இரண்டும் ஒரே தேடல் பக்கத்துக்கே செல்லும்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் வேறு:

1. `#Short` என்று தட்டத் தொடங்கியதும் தளம் கீழே ஒரு பட்டியலைக் காட்டும். அதில் பெரும்பாலும் முழுக்கச் சிறிய எழுத்தில் அமைந்த வடிவமே இருக்கும். அதைத் தொட்டால் நாம் இட்ட பெரிய எழுத்துகள் அழிந்துவிடும். பட்டியலைத் தொடாமல் இறுதிவரை தட்டச்சு செய்ய வேண்டும்.
2. `#SHORTSTORYWORKSHOP` என்று முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினால் எல்லை மறைந்துவிடுகிறது. சிறிய எழுத்தில் எழுதியதைவிட இது எவ்வகையிலும் மேலன்று.
3. சுருக்கப் பெயர்கள் தொல்லை தரும். `#NASAPhotos` என்பதில் ஐந்து பெரிய எழுத்துகள் தொடர்ந்து வருவதால் சுருக்கம் எங்கே முடிகிறது என்பது மென்பொருளுக்கு ஐயமாகலாம். `#PhotosNASA` என்று சுருக்கத்தைக் கடைசியில் வைப்பது ஒரு தீர்வு.

ஹேஷ்டேக்குகளின் இடமும் கவனத்துக்குரியது. ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. திரைவாசிப்பான் `#` குறியின் பெயரையும் “இணைப்பு” என்ற சொல்லையும் ஒவ்வொரு முறையும் சொல்லக்கூடும். வாக்கியத்தின் நடுவில் நான்கு ஹேஷ்டேக்குகள் இருந்தால் வாக்கியமே சிதறிப்போகும். இரண்டு மூன்றைத் தேர்ந்து உரையின் இறுதியில் வைப்பதே போதுமானது.

## பெரிய எழுத்தே இல்லாத தமிழில் என்ன செய்வது

ஆங்கிலத்துக்கான இந்த அறிவுரையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவு இல்லை. சொற்பிரிப்பு மயக்கம் மட்டும் நமக்கு நன்றாகவே உண்டு. தனிச்சொல்லாகவும் பிரிந்து நின்று வேறு பொருளும் தருவதை நம் இலக்கணம் பொதுமொழி என்று பெயரிட்டே விளக்கியிருக்கிறது: பலகை என்பது பல கை என்றும் ஆகும், தாமரை என்பது தா மரை என்றும் ஆகும். `#அந்தமான்படங்கள்` என்ற ஹேஷ்டேக் தீவுகளின் படங்களையும் குறிக்கலாம், அந்த மானின் படங்களையும் குறிக்கலாம்.

அடிக்கோடு இட்டுப் பிரிப்பது ஒரு வழி: `#சிறுகதை_பட்டறை`. அடிக்கோட்டைப் பெரும்பாலான தளங்கள் ஹேஷ்டேக்கின் பகுதியாக ஏற்கின்றன. சிறு கோடான `-` குறியை ஏற்பதில்லை. அது வந்த இடத்தில் ஹேஷ்டேக் முடிந்துவிடும். ஆனால் அடிக்கோட்டுக்கு விலை உண்டு. பெரிய எழுத்தைப் போலன்றி அது வேறொரு ஹேஷ்டேக்கையே உருவாக்குகிறது. `#சிறுகதைப்பட்டறை`, `#சிறுகதைபட்டறை`, `#சிறுகதை_பட்டறை` ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிப் பக்கங்களுக்குச் செல்லும். ஒற்று இடுவதா விடுவதா என்பதே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடும். மேலும் திரைவாசிப்பானின் அமைப்பைப் பொறுத்து அடிக்கோட்டின் பெயரும் உரக்கப் படிக்கப்படலாம்.

இரண்டு சொற்களுக்கு மேல் போகாத, புணர்ச்சியோடு இயல்பாக ஒரே தொடராக ஒலிக்கும் ஹேஷ்டேக்கைத் தேர்வதே தமிழுக்குப் பொருந்துகிறது. “சிறுகதைப்பட்டறை” என்பதை ஒரே மூச்சில் படித்தாலும் தமிழ்க் காதுக்கு அது விளங்குகிறது. நடுவில் உள்ள ஒற்று இரு சொற்களும் சேரும் இடத்தை உணர்த்துகிறது. “இரண்டுநாள்சிறுகதைஎழுதும்பயிற்சிப்பட்டறை” என்பதை எந்தக் குறியாலும் காப்பாற்ற முடியாது. எவ்வடிவத்தைத் தேர்ந்தாலும் முதல் பதிவிலேயே அதை உறுதிசெய்து, தொடர்புடைய எல்லோருக்கும் எழுதியே கொடுத்துவிட வேண்டும்.

தமிழ் ஹேஷ்டேக்கை வெளியிட்டதும் அது முழுவதும் இணைப்பாக மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கொள்ளாமல் எழுதப்பட்ட நிரல்களில் `#சிறுகதைப்பட்டறை` என்பது “ச” என்ற எழுத்தோடு அறுந்து, எஞ்சியது வெற்றுரையாக நிற்கும். சிறிய வலைத்தளங்களிலும் செயலிகளிலும் இவ்வாறு நேரக்கூடும்.

## வெளியிட்டபின் சோதிப்பது

எழுதியது சரியா என்று அறியக் கருத்துக் கேட்பதைவிடக் கேட்டுப் பார்ப்பதே நேர்வழி. ஐபோனில் வாய்ஸ்ஓவரை இயக்கி, மூன்று விரல்களால் மும்முறை தட்டினால் திரை கறுத்துவிடும், பேச்சு மட்டும் தொடரும். விண்டோஸில் விலையின்றிக் கிடைக்கும் என்விடிஏவை இயக்கி, வலைப்பக்கத்தில் `G` விசையை அழுத்தினால் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவலாம். இவ்வாறு கேட்டு முடித்தபின் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, எப்படிப் பதிவு செய்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் திரையைப் பார்க்காமல் விடை சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல முடியாத கேள்வி எதுவோ அங்கேதான் குறை இருக்கிறது.

மாற்றுரை தளத்தில் பதிவோடு சேர்ந்து இருப்பதே அன்றிப் படத்தோடு பயணம் செய்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படத்தைத் தரவிறக்கி வேறிடத்தில் ஏற்றினால் மாற்றுரை அங்கே வராது. படக்கோப்புக்குள்ளேயே மாற்றுரையைச் சேமிக்க, படங்களின் விவரக்குறிப்புகளுக்கான ஐபிடிசி தரநிலை 2021இல் இடம் ஏற்படுத்தியிருந்தாலும், ஏற்றப்படும் தளம் அதை எடுத்துப் பயன்படுத்தினால்தான் பயன் உண்டு. மாற்றுரைப் பெட்டியே இல்லாத செய்திச் செயலிகளில் படத்துடன் முழு உரையையும் சேர்த்து அனுப்புவதே வழி.

கடைசியாக, நிகழ்ச்சி தள்ளிவைக்கப்படும்போது நேரும் பிழை ஒன்று உண்டு. மார்ச் 14 என்பது மார்ச் 21 ஆகிறது. வடிவமைப்பாளர் புதிய படம் தருகிறார். அதை ஏற்றுபவர் பழைய பதிவிலிருந்து மாற்றுரையை நகலெடுத்து ஒட்டிவிடுகிறார். படத்தில் புதிய நாள், மாற்றுரையில் பழைய நாள். பார்ப்பவர் யாரும் தவறைக் கண்டு சொல்லப்போவதில்லை, ஏனெனில் அவர்களுக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. கேட்டு அறிந்தவர் மட்டும் 14ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பூட்டிய அரங்கின் முன் வந்து நிற்பார். ஆகவே படத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் உரை, மாற்றுரை, இணைப்பு ஆகிய மூன்றையும் புதிய நாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.